9 மி.லி. டியூப் முதல் இறுதிக் கணக்கு வரை: தொடர் நீர்த்தல் செய்முறை

பச்சைப் பால் மாதிரி ஒன்று மேசைக்கு வருகிறது. ஒரு மில்லி லிட்டரில் எத்தனை பாக்டீரியா இருக்கிறது என்று கண்டறிய, மாலைக்குள் தட்டுகளைப் போட்டு இன்குபேட்டரில் வைத்தாக வேண்டும். அந்தப் பாலில் மில்லி லிட்டருக்குப் பன்னிரண்டு லட்சம் இருக்கலாம். அப்படியே அகார் என்ற வளர்ப்பு ஊடகத்தில் ஊற்றினால் தட்டு முழுக்கப் பால் படலம் போல வளர்ந்து நிற்கும், பாக்டீரியா பெருகி உண்டாகும் புள்ளியான காலனி ஒன்றைக்கூடப் பிரித்து எண்ண முடியாது. அதனால்தான் பாலை நீர்க்கச் செய்கிறோம். எத்தனை மடங்கு நீர்த்தோம் என்பது துல்லியமாகத் தெரிந்தால்தான் தட்டில் எண்ணிய 122 காலனியிலிருந்து 12 லட்சத்துக்குத் திரும்பிப் போக முடியும்.

வகுத்தலும் பெருக்கலும் தெரிந்தவர்களுக்கு இந்தக் கணக்கு பெரிதல்ல. ஆனாலும் ஆய்வகங்களில் திரும்பத் திரும்பத் தவறு நடக்கிறது. நான் பார்த்தவரை அந்தத் தவறுகளில் பெரும்பாலானவை இரண்டு இடத்தில் பிறக்கின்றன: டியூபில் உண்மையிலேயே எவ்வளவு திரவம் இருந்தது என்பதில் ஒன்று, கடைசியில் வேறொன்று சேரும்போது செறிவு இன்னொரு முறை குறைவதை மறப்பதில் இன்னொன்று. இந்த வழிகாட்டியில் பச்சைப் பாலின் மொத்த பாக்டீரியா எண்ணிக்கையை முழுதாகச் செய்து பார்ப்போம். அதற்குப் பிறகு, இரண்டாவது தவறு எங்கே ஒளிந்திருக்கும் என்று காட்ட, ஆன்டிபயாட்டிக் சோதனைத் தட்டு ஒன்றை எடுத்துக்கொள்வோம்.

மடங்கு என்றால் எது

நீர்த்தல் மடங்கை ஒரே ஒரு வழியில் கணக்கிடுங்கள்:

```
மடங்கு = மொத்தக் கன அளவு ÷ எடுத்த மாதிரியின் கன அளவு
```

1 மி.லி. பாலை 9 மி.லி. சலைனில் விட்டால் மொத்தம் 10 மி.லி. பத்தை ஒன்றால் வகுத்தால் மடங்கு 10. கவனிக்க வேண்டியது "மொத்தம்" என்ற சொல்லைத்தான். சலைனின் அளவு மேலே வராது, சலைனும் மாதிரியும் சேர்ந்த அளவுதான் வரும்.

"1:10" என்று எழுதுவது எனக்குப் பிடிக்காது. சிலர் அதை "பத்தில் ஒரு பங்கு" என்று படிக்கிறார்கள், சிலர் "ஒன்றோடு பத்து" என்று படிக்கிறார்கள். முதல் பொருளில் மடங்கு 10, இரண்டாவதில் 11. எங்கள் குறிப்பேட்டில் "1 + 9" என்றுதான் எழுதுவோம். அதைப் படிக்கிறவர் எந்த ஊரில் படித்திருந்தாலும் 1 மி.லி. மாதிரி, 9 மி.லி. சலைன் என்று மட்டும்தான் புரிந்துகொள்ள முடியும்.

அடுத்தடுத்து நீர்த்தால் மடங்குகளைக் கூட்டக் கூடாது, பெருக்க வேண்டும். பத்து மடங்காக நான்கு முறை செய்தால் 10 × 10 × 10 × 10 = 10,000. கடைசி டியூபில் இருப்பது மூலப் பாலின் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. அதைத்தான் 10⁻⁴ என்று டியூபில் எழுதுகிறோம்.

ஒரே தாவலில் பத்தாயிரம் மடங்கு போக முடியாதா என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். போகலாம், ஆனால் 1 மி.லி. பாலுக்கு 10 லிட்டர் சலைன் வேண்டும். அல்லது 1 மைக்ரோ லிட்டர் பாலை 10 மி.லி.யில் விட வேண்டும். ஒரு மைக்ரோ லிட்டர் எடுக்கும்போது டிப்பின் வெளிப்புறத்தில் ஒட்டியிருக்கும் பாலே அந்த அளவுக்கு வந்துவிடும். அதனால்தான் நம்பகமாக எடுக்கக்கூடிய அளவுகளை வைத்துப் படிப்படியாக இறங்குகிறோம். 99 மி.லி. சலைன் பாட்டில் இருந்தால் 1 மி.லி. விட்டு நூறு மடங்கு, அதிலிருந்து இன்னொரு 99 மி.லி. பாட்டிலில் 1 மி.லி. விட்டு மொத்தம் பத்தாயிரம் என்று இரண்டே படியில் முடிக்கலாம். பாட்டிலும் ஆட்டோகிளேவில் இடமும் இருந்தால் இதுவே மேல், ஏனென்றால் படி குறையக் குறையப் பிழை சேரும் இடமும் குறைகிறது. எல்லா ஆய்வகத்திலும் அந்த வசதி இருப்பதில்லை, ஆகவே 9 மி.லி. டியூபோடு தொடர்கிறேன்.

டியூபில் 9 மி.லி. இருக்கிறதா

நீர்க்கச் செய்ய வெறும் வாலைவடிநீர் கூடாது. உப்பில்லாத நீரில் பாக்டீரியாவுக்குள் நீர் புகுந்து, ஏற்கெனவே நலிந்த செல்கள் செத்துப்போகும், எண்ணிக்கை குறைத்துக் காட்டும். லிட்டருக்கு 8.5 கிராம் உப்பும் 1 கிராம் பெப்டோனும் கரைத்த நீர் நல்லது. பெப்டோன் இல்லையென்றால் உப்பு மட்டும் போட்ட 0.85 சதவீத சலைனும் ஓடும், ஆனால் பெப்டோன் சேர்த்தால் செல்கள் கொஞ்ச நேரம் கூடுதலாகத் தாங்கும்.

இப்போது முக்கியமான இடம். டியூபில் 9 மி.லி. அளந்து ஊற்றி, மூடி, 121 டிகிரியில் 15 நிமிடம் ஆட்டோகிளேவ் செய்து எடுக்கிறோம். வெளியே வரும்போதும் உள்ளே 9 மி.லி.தான் இருக்கிறதா? மூடி தளர்வாக இருந்தால் கொஞ்சம் ஆவியாகிப் போயிருக்கும். சில ஆய்வகங்களில் இதைத் தெரிந்தே கொஞ்சம் கூட்டி ஊற்றுவார்கள். அது எவ்வளவு என்று எங்கேயும் எழுதி வைப்பதில்லை, ஆளுக்கு ஆள் மாறும்.

நான் பயிற்சியில் இருந்த ஓர் இடத்தில் ஊற்றுகிறவர் "ஆவியாகும் தம்பி" என்று சொல்லி 10 மி.லி. விடுவார். மூடியை இறுக்கி வைப்பதால் ஆவியாவது ஏறக்குறைய இல்லை. டியூபில் 10 மி.லி. இருந்தது, அதில் 1 மி.லி. பால் சேர்ந்தால் மடங்கு 11. ஒரு படியில் இது பத்து சதவீதப் பிழைதான். நான்கு படி இறங்கினால் 11 × 11 × 11 × 11 = 14,641. நாங்கள் பத்தாயிரம் என்று நினைத்துக்கொண்டு பெருக்கினோம். 122 காலனி வர வேண்டிய தட்டில் 83 வரும், 12 லட்சம் என்று வர வேண்டிய முடிவு 8.3 லட்சம் என்று வரும். இந்தியாவில் பச்சைப் பாலைத் தரம் பிரிக்கும் முறையில் 2 லட்சம் வரை மிக நன்று, 10 லட்சம் வரை நன்று, 50 லட்சம் வரை சுமார். ஆக, சுமார் பால் நன்று ஆகிவிட்டது. பால்காரரிடமோ பண்ணையிலோ யாரும் தவறு செய்யவில்லை, தவறு சலைன் ஊற்றிய கையில் இருந்தது. அதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு மூன்று வாரம் ஆயிற்று.

எதிர்ப்பக்கமும் உண்டு. ஆவியாகி 8.6 மி.லி. ஆகிவிட்டால் மடங்கு 9.6. நான்கு படியில் 8,493. இப்போது தட்டில் 122-க்குப் பதில் 144 காலனி வரும். 12 லட்சம் 14 லட்சத்துக்கு மேல் போய்விடும்.

இதைத் தவிர்க்க இரண்டு வழி. சுத்தமான வழி, சலைனைப் பாட்டிலில் ஆட்டோகிளேவ் செய்து ஆறவைத்து, பிறகு சுடர் அருகில், கிருமி நீக்கிய டியூப்களில் கிருமி நீக்கிய பிப்பெட்டால் 9 மி.லி. ஊற்றுவது. நேரம் அதிகம், ஆனால் அளவில் சந்தேகம் இராது. இரண்டாவது, ஊற்றிய பிறகு ஆட்டோகிளேவ் செய்து, ஒவ்வொரு தொகுப்பிலும் ஐந்து டியூபை எடையால் சோதிப்பது. மூடியோடு காலி டியூபை எடை போட்டு எண் எழுதுங்கள். ஊற்றி, ஆட்டோகிளேவ் செய்து, ஆறிய பிறகு வெளிப்புற ஈரத்தைத் துடைத்து மறுபடி எடை போடுங்கள். சலைனில் 9 மி.லி. ஏறத்தாழ 9.04 கிராம் இருக்கும். 8.8-க்கும் 9.2-க்கும் இடையே வித்தியாசம் நின்றால் அந்தத் தொகுப்பைப் பயன்படுத்தலாம். நிற்கவில்லையென்றால் ஊற்றும் அளவை மாற்றி இன்னொரு முறை செய்யுங்கள். ஒரு தடவை உங்கள் ஆட்டோகிளேவில் எவ்வளவு போகிறது என்று தெரிந்துவிட்டால் அந்த அளவைச் சேர்த்து ஊற்றி, அதைச் செய்முறைத் தாளில் எழுதிவிடலாம்.

டியூபிலிருந்து டியூபுக்கு

டியூப்களை எடுப்பதற்கு முன் எழுதுங்கள். -1, -2, -3, -4, -5 என்று ஸ்டாண்டில் இடமிருந்து வலமாக. தட்டுகளின் அடிப்பக்கத்தில் மாதிரி எண், நீர்த்தல், தேதி. மூடியில் எழுதினால் மூடி மாறிப் போகும்.

பால் பாட்டிலை ஓர் அடி வீச்சில் 25 முறை, ஏழு விநாடிக்குள் குலுக்குங்கள். கொழுப்பு மேலே மிதந்து நிற்கும் பாலில் பாக்டீரியாவும் கொழுப்போடு மேலே போய் ஒட்டியிருக்கும், ஆகவே மெதுவாகச் சாய்த்துக் கலப்பது போதாது. நுரை அடங்கும்வரை சற்று விட்டு, மூன்று நிமிடத்துக்குள் எடுத்துவிடுங்கள். நுரையில் டிப்பை வைத்தால் காற்றும் சேர்ந்து வரும்.

1000 மைக்ரோ லிட்டர் பிப்பெட்டில் கிருமி நீக்கிய டிப் மாட்டி, முதல் நிறுத்தம் வரை அழுத்தி, டிப்பின் நுனியைப் பாலின் பரப்பிலிருந்து இரண்டு மூன்று மில்லி மீட்டர் மட்டும் ஆழத்தில் வைத்து, நேராகப் பிடித்து, மெதுவாக விடுங்கள். ஆழமாக முக்கினால் டிப்பின் வெளிப்புறம் முழுக்கப் பால் பூசிக்கொள்ளும், அது கணக்கில் வராத பால். வெளியே எடுக்கும்போது பாட்டில் கழுத்தின் உட்புறத்தில் நுனியைத் தொட்டு எடுத்தால் தொங்கும் சொட்டு போய்விடும். பிறகு -1 டியூபில், சலைன் மட்டத்துக்குச் சற்று மேலே, கண்ணாடிச் சுவரைத் தொட்டபடி வெளியேற்றுங்கள். ஒரு விநாடி நின்று, இரண்டாவது நிறுத்தம் வரை அழுத்தினால் மீதியும் வந்துவிடும். டிப்பைக் கழற்றிப் போடுங்கள்.

மூடி, வோர்ட்டெக்ஸ் இயந்திரத்தில் பத்து விநாடி. உள்ளே சுழல் டியூபின் பாதி உயரத்துக்கு எழ வேண்டும். மேலோட்டமாக அசைவது மட்டும் தெரிந்தால் அது கலக்கல் ஆகாது. கலக்கிய உடனே அடுத்ததற்கு எடுங்கள். ஸ்டாண்டில் வைத்துவிட்டு வேறு வேலை பார்த்துவிட்டு வந்தால் மறுபடி கலக்கித்தான் எடுக்க வேண்டும்.

புது டிப் மாட்டி -1 டியூபிலிருந்து 1 மி.லி. எடுத்து -2 டியூபில். கலக்கு. புது டிப். -2-லிருந்து -3. இப்படி -5 வரை.

ஒவ்வொரு படிக்கும் புது டிப் ஏன் என்று ஒரு முறை கணக்குப் போட்டுப் பார்த்தால் பிறகு யாரும் டிப் மிச்சம் பிடிக்க மாட்டார்கள். பழைய டிப்பில் 10 மைக்ரோ லிட்டர் முந்தைய டியூபின் திரவம் ஒட்டியிருப்பதாக வைத்துக்கொள்வோம். முந்தைய டியூப் இப்போதைய டியூபைவிடப் பத்து மடங்கு அடர்த்தி. ஆக அந்த 10 மைக்ரோ லிட்டரில் இருக்கும் பாக்டீரியா, இப்போதைய டியூபின் 100 மைக்ரோ லிட்டரில் இருப்பதற்குச் சமம். நீங்கள் 1000 மைக்ரோ லிட்டர் கொண்டுபோவதாக நினைக்கிறீர்கள், உண்மையில் 1100-க்கு உரிய பாக்டீரியா போகிறது. முதல் படியில் டிப் புதிது, அதனால் பாதிப்பு இரண்டாம் படியிலிருந்து தொடங்கும். -4 டியூபில் இது 1.1 × 1.1 × 1.1 = 1.33 மடங்கு. 122 காலனிக்குப் பதில் 162. கண்ணுக்குத் தெரியாத ஒரு சொட்டு, முடிவில் மூன்றில் ஒரு பங்கைக் கூட்டிவிடுகிறது.

தட்டில் ஊற்றுவது, எண்ணுவது

-3, -4, -5 டியூப்களிலிருந்து தலா இரண்டு தட்டில் 1 மி.லி. விடுங்கள். இங்கே தலைகீழாக, மிகவும் நீர்த்ததிலிருந்து தொடங்கி அடர்ந்ததை நோக்கி வந்தால் டிப் ஒன்றே போதும் என்று சிலர் செய்வார்கள். கணக்குப்படி அது தவறில்லை, நீர்த்ததன் மிச்சம் அடர்ந்ததில் விழுந்தால் தெரியாது. ஆனால் மூன்று டிப் செலவில் கிடைக்கும் நிம்மதியை நான் விடமாட்டேன். உருக்கி 45 டிகிரிக்கு ஆற வைத்த அகாரைத் தட்டுக்குப் பதினைந்து மி.லி. அளவில் ஊற்றி, எட்டு எழுதுவது போலச் சுழற்றி, உறைய விடுங்கள். முதல் நீர்த்தலிலிருந்து அகார் ஊற்றும் வரை பதினைந்து நிமிடத்துக்குள் முடிந்துவிட வேண்டும். தாமதித்தால் செல்கள் சில சாகும், சில பெருகும். பால் விடாத, சலைன் மட்டும் விட்ட ஒரு தட்டும் அகார் மட்டும் ஊற்றிய ஒரு தட்டும் கட்டாயம் கூட வைக்க வேண்டும். 30 டிகிரியில் 72 மணி நேரம்.

மூன்றாம் நாள் எடுத்து எண்ணியபோது கிடைத்தது இது:

```
10⁻³    எண்ண முடியவில்லை (250-க்கு மேல்)
10⁻⁴    118, 126
10⁻⁵    11, 14
```

25-லிருந்து 250 வரை காலனி உள்ள தட்டுகளை மட்டும் எடுப்பது பரவலான வழக்கம். 250-க்கு மேலே போனால் காலனிகள் ஒன்றையொன்று நசுக்கும், சிறியவை தெரியாது. 25-க்குக் கீழே வேறு பிரச்சினை. டியூபிலிருந்து எடுக்கும் 1 மி.லி.யில் எத்தனை செல் விழும் என்பது ஓரளவு தற்செயல். அந்தத் தற்செயலின் அளவு ஏறத்தாழ எண்ணிக்கையின் வர்க்கமூலம். 122 காலனியில் வர்க்கமூலம் 11, அதாவது ஒன்பது சதவீதம். 11 காலனியில் வர்க்கமூலம் 3.3, முப்பது சதவீதம். எவ்வளவு கவனமாகப் பிப்பெட் பிடித்தாலும் இந்த ஆட்டத்தைக் குறைக்க முடியாது.

ஆகவே 10⁻⁴ தட்டுகள் மட்டும்:

```
சராசரி = (118 + 126) ÷ 2 = 122
மி.லி.க்கு = 122 ÷ (1 மி.லி. × 10⁻⁴) = 12,20,000
```

அறிக்கையில் 12 லட்சம், அதாவது 1.2 × 10⁶ என்று எழுதுவோம். 12,20,000 என்று எழுதினால் இல்லாத துல்லியத்தைக் காட்டுவதாகும். இரண்டு இலக்கம் போதும்.

சூத்திரத்தில் அந்த "1 மி.லி." எதற்கு என்று தோன்றலாம். ஊற்றாமல் அகாரின் மேலே பரப்பும் முறையில் 0.1 மி.லி.தான் தட்டில் விடுவோம். அப்போது 10⁻³ டியூபிலிருந்து 0.1 மி.லி. பரப்பி 122 காலனி வந்தால், 122 ÷ (0.1 × 10⁻³) என்று போட வேண்டும். விடை அதே 12,20,000. இந்த 0.1-ஐ மறந்தால் முடிவு பத்தில் ஒரு பங்காகிவிடும். தட்டின் அடியிலேயே "-3, 0.1" என்று இரண்டையும் எழுதும் பழக்கம் இதற்காகத்தான்.

இன்னொரு மாதிரியில் இரண்டு நீர்த்தலும் எல்லைக்குள் வந்தது: 10⁻⁴-இல் 206, 218, 10⁻⁵-இல் 25, 27. இரண்டையும் தனித்தனியாகக் கணக்கிட்டுச் சராசரி எடுக்காதீர்கள், 25 காலனித் தட்டுக்கும் 218 காலனித் தட்டுக்கும் ஒரே மதிப்புக் கொடுத்தது போல ஆகிவிடும். எல்லாக் காலனியையும் கூட்டி, அவை வந்த மூலப் பாலின் மொத்த அளவால் வகுக்க வேண்டும். 10⁻⁴ தட்டு ஒவ்வொன்றிலும் இருப்பது 0.0001 மி.லி. பால், 10⁻⁵ தட்டில் 0.00001 மி.லி.

```
காலனி = 206 + 218 + 25 + 27 = 476
பால்   = 2 × 0.0001 + 2 × 0.00001 = 0.00022 மி.லி.
476 ÷ 0.00022 = 21,63,636  →  22 லட்சம்
```

அடுத்தடுத்த தட்டுகள் சொல்வது

எண்ணிக்கையை எழுதியதும் அறிக்கைக்கு ஓடாதீர்கள். அடுத்தடுத்த நீர்த்தல்களுக்கு இடையே பத்துக்கு ஒன்று என்ற விகிதம் நிற்கிறதா என்று பாருங்கள். 118, 126-க்கு அடுத்து 11, 14 வந்தது சரியாக இருக்கிறது. 122-க்கு அடுத்து 45 வந்தால் பெரும்பாலும் -4 டியூபைச் சரியாகக் கலக்காமல் எடுத்திருக்கிறார்கள். ஆனால் எல்லாப் படியிலும் டியூபில் 10 மி.லி. இருந்தால் விகிதம் 11 ஆகும், அதைக் காலனி எண்ணிக்கையின் தற்செயல் ஆட்டத்திலிருந்து பிரித்துப் பார்க்கவே முடியாது. எங்களுக்கு மூன்று வாரம் ஆனது அதனால்தான். தட்டு சொல்லாததை எடைத் தராசு சொல்லும்.

எல்லா நீர்த்தலிலும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கை வந்தால் சலைனிலோ அகாரிலோ கிருமி இருக்கிறது. அதைத் தனியாக வைத்த இரண்டு தட்டுகள் உறுதி செய்யும். தலைகீழாக, 10⁻³-இல் 40-உம் 10⁻⁴-இல் 90-உம் வந்தால் டியூப் மாறியிருக்கலாம். டியூப் மாறவில்லை என்று உறுதியாகத் தெரிந்தால் பாலிலேயே வளர்ச்சியைத் தடுக்கும் பொருள் ஏதோ இருக்கிறது என்று சந்தேகப்படுங்கள். மாட்டுக்குப் போட்ட ஆன்டிபயாட்டிக் மிச்சமோ பாத்திரம் கழுவிய கிருமிநாசினியோ குறைந்த நீர்த்தலில் தடுக்கும், நீர்க்க நீர்க்க அதன் வலு போய் காலனி வெளிப்படும்.

இரண்டாவது முறை குறைவது

இப்போது வேறு வேலை. ஒரு பாக்டீரியாவைத் தடுக்க ஆன்டிபயாட்டிக் குறைந்தபட்சம் எந்தச் செறிவில் வேண்டும் என்று 96 குழித் தட்டில் பார்க்கிறோம். இங்கே பத்து மடங்கல்ல, இரண்டு மடங்காக இறங்குவோம். முதல் குழியில் இறுதிச் செறிவு மில்லி லிட்டருக்கு 64 மைக்ரோ கிராம் வேண்டும், அடுத்தது 32, 16 என்று பத்தாவது குழியில் 0.125.

இங்கே தவறு எப்படி வரும்? முன்னாலிருந்து கணக்குப் போட்டால் வரும். பின்னாலிருந்து வாருங்கள். கடைசியாக ஒவ்வொரு குழியிலும் 100 மைக்ரோ லிட்டர் பாக்டீரியாத் திரவம் சேர்ப்போம். குழியில் ஏற்கெனவே மருந்து கலந்த 100 மைக்ரோ லிட்டர் இருக்கும். மொத்தம் 200, மடங்கு 2. ஆகவே பாக்டீரியா சேர்ப்பதற்கு முன் முதல் குழியில் 128 இருக்க வேண்டும். அந்த முதல் குழியில் பிராத் என்ற திரவ ஊடகம் 100 மைக்ரோ லிட்டரில் 100 மைக்ரோ லிட்டர் மருந்துக் கரைசலை விட்டுக் கலக்கித்தான் தொடங்குகிறோம், அங்கேயும் மடங்கு 2. ஆகவே கையில் இருக்க வேண்டிய கரைசல் 256. மூலக் கரைசல் 5120 என்றால்:

```
C1 × V1 = C2 × V2
5120 × V1 = 256 × 2 மி.லி.
V1 = 0.1 மி.லி.
```

0.1 மி.லி. மூலக் கரைசல், 1.9 மி.லி. பிராத். 64 வேண்டும் என்று 64 கரைசலைத் தயாரித்துத் தொடங்கினவர்களின் முதல் குழியில் உண்மையில் 16-தான் இருக்கும். முடிவு நான்கு மடங்கு பொய், அந்தத் தட்டைப் பார்த்தால் எந்தக் குறையும் தெரியாது.

மூலக் கரைசலிலும் ஒரு கண்ணி உண்டு. மருந்துத் தூள் முழுக்க மருந்தல்ல. குப்பியில் வீரியம் மில்லி கிராமுக்கு 950 மைக்ரோ கிராம் என்றிருந்தால், 10 மி.லி. கரைசலுக்கு 5120 × 10 ÷ 950 = 53.9 மி.கி. வேண்டும். தராசில் சரியாக 53.9 நிறுத்தப் போராட வேண்டாம். 55.2 மி.கி. விழுந்ததா, அதையே வைத்துக்கொண்டு நீரின் அளவை மாற்றுங்கள்: 55.2 × 950 ÷ 5120 = 10.24 மி.லி.

செய்முறை இது. 1 முதல் 11 வரையிலான குழிகளில் 100 மைக்ரோ லிட்டர் பிராத், 12-இல் மட்டும் 200. முதல் குழியில் 256 கரைசல் 100 மைக்ரோ லிட்டர் விட்டு, பிப்பெட்டால் ஐந்தாறு முறை மேலும் கீழுமாக இழுத்துக் கலக்கி, அதிலிருந்து 100 மைக்ரோ லிட்டர் இரண்டாவதில். நுரை வரவிடாதீர்கள். பத்தாவது குழியில் கலக்கிய பிறகு அங்கிருந்து 100 மைக்ரோ லிட்டரை எடுத்து வெளியே கொட்டிவிட வேண்டும். மறந்தால் அந்த ஒரு குழியில் மட்டும் 200 இருக்கும், பாக்டீரியா சேர்ந்ததும் அதன் செறிவு 0.125-க்குப் பதில் 0.167 ஆகிவிடும். தட்டைக் கண் மட்டத்தில் பிடித்துப் பக்கவாட்டில் பார்த்தால், கொட்டாத குழியில் திரவ மட்டம் உயர்ந்து நிற்பது உடனே தெரியும். பதினொன்றில் மருந்து கிடையாது, பாக்டீரியா வளர்கிறதா என்று பார்க்க. பன்னிரண்டில் பாக்டீரியாவும் கிடையாது.

பாக்டீரியாவுக்கும் அதே இரண்டு மடங்கு பொருந்தும். குழியில் இறுதியாக மில்லி லிட்டருக்கு 5 லட்சம் வேண்டும். 100 + 100 என்பதால் சேர்க்கும் திரவத்தில் 10 லட்சம் இருக்க வேண்டும். 0.5 மெக்ஃபார்லண்ட் என்ற தர அளவுக்கு ஒப்பிட்டுத் தயாரித்த பாக்டீரியாக் கலங்கலில் மில்லி லிட்டருக்கு ஏறத்தாழ 15 கோடி. 150 மடங்கு நீர்த்தால் 10 லட்சம்: 0.1 மி.லி. கலங்கல், 14.9 மி.லி. பிராத். இதைத் தயாரித்த பதினைந்து நிமிடத்துக்குள் 1 முதல் 11 வரையிலான குழிகளில் சேர்த்துவிடுங்கள்.

கலங்கலைக் கண்ணால் ஒப்பிட்டுத்தான் 15 கோடி என்றோம், அதை நம்பி விட்டுவிட முடியாது. பாக்டீரியா சேர்த்த உடனே பதினொன்றாம் குழியிலிருந்து 10 மைக்ரோ லிட்டர் எடுத்து 10 மி.லி. சலைனில் விடுங்கள். மொத்தம் 10.01 மி.லி., மடங்கு 1001. இங்கே அந்த ஒன்றை விட்டுவிடலாம், 1000 என்றே கொள்ளலாம். அதிலிருந்து 0.1 மி.லி. எடுத்து அகார் தட்டில் பரப்பி இரவு முழுக்க வையுங்கள். குழியில் 5 லட்சம் இருந்தால் 5,00,000 ÷ 1000 × 0.1 = 50 காலனி வர வேண்டும். மறுநாள் எங்களுக்கு 47 வந்தது: 47 ÷ (0.1 × 10⁻³) = 4,70,000. சோதனை செல்லும். 250 வந்திருந்தால் குழியில் 25 லட்சம் இருந்தது என்று பொருள், அந்தத் தட்டில் மருந்து தோற்றது போலத் தெரிந்தாலும் முடிவைப் படிக்காமல் திரும்பப் போட்டிருப்போம்.